96 பல் வளையத்தில் ஐந்து இதழ் வராது

ஸ்பைரோகிராஃப் என்ற பொம்மையைப் பலரும் பார்த்திருப்பார்கள். பிரிட்டிஷ் பொறியாளர் டெனிஸ் ஃபிஷர் 1965இல் கொண்டுவந்தது. உள்ளே பல் வைத்த பிளாஸ்டிக் வளையத்தைக் காகிதத்தின் மேல் அசையாமல் பொருத்த வேண்டும். அதற்குள் ஒரு சின்னப் பற்சக்கரத்தை வைத்து, சக்கரத்தில் உள்ள ஓட்டை ஒன்றில் பேனா முனையை நுழைத்து உருட்டிக்கொண்டே போனால் இதழ் இதழாகக் கோடு விழும். ஒரு கட்டத்தில் பேனா புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். அதற்குப் பிறகு எவ்வளவு சுற்றினாலும் போட்ட கோட்டின் மேலேயேதான் போகும்.

பழைய பெட்டியில் இரண்டு வளையங்கள் உண்டு. ஒன்றின் உள்விளிம்பில் 96 பற்கள், மற்றதில் 105. நூறு, நூற்றிருபது என்று முழு எண்ணாக வைக்காமல் ஏன் இப்படி? எந்தச் சக்கரம் எத்தனை இதழ் போடும் என்று கணக்குப் பார்த்தால் இது விளங்கிவிடும். கணக்கும் பள்ளியில் படித்த மீப்பெரு பொதுக் காரணி அளவுக்கு மேல் போகாது.

96 பல் வளையத்தில் 36 பல் சக்கரத்தை வைப்போம். பற்கள் எல்லாம் ஒரே அளவு என்பதால், பற்களின் விகிதமும் ஆரங்களின் விகிதமும் ஒன்றே. பேனா வளையத்தின் விளிம்பை நெருங்கி நிற்கும் இடத்தில் தொடங்குவோம். அந்தப் பல்லுக்கு எண் 0. சக்கரத்தின் 36 பற்களும் ஒருமுறை உருண்டு முடிந்ததும் பேனா மறுபடி விளிம்பை நெருங்கும். இப்போது அது நிற்பது வளையத்தின் 36ஆம் பல்லில். அடுத்தது 72. அதற்கடுத்தது 108, ஆனால் வளையத்தில் 96தான் இருப்பதால் அது 12ஆம் பல். பிறகு 48, 84, 24, 60. அதன்பின் 96, அதாவது பழைய 0. இதழ்களை எண்ணினால் எட்டு. மொத்தம் உருண்ட பற்கள் 8 × 36 = 288, அதாவது வளையத்தை மூன்று முறை சுற்றியாகிவிட்டது.

நின்ற இடங்களை வரிசைப்படுத்தினால் 0, 12, 24, 36 என்று பன்னிரண்டு பன்னிரண்டாக இருக்கும். 96, 36 இரண்டையும் மீதியில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண் 12. பேனாவால் அந்தப் படிகளில் மட்டுமே நிற்க முடியும். ஆக, வளையத்தின் பற்களை அந்த எண்ணால் வகுத்தால் இதழ்களின் எண்ணிக்கை. சக்கரத்தின் பற்களை வகுத்தால் சுற்றுகளின் எண்ணிக்கை. பேனா எந்த ஓட்டையில் இருந்தாலும் இவை மாறா. ஓட்டை நடுவை நெருங்க நெருங்க இதழ்கள் தட்டையாகி, வடிவம் வட்டத்தைப் போல ஆகும், அவ்வளவுதான்.

இப்போது வளையங்களுக்கு வருவோம். இதழ்களின் எண்ணிக்கை எப்போதும் வளையத்தின் பற்களை மீதியின்றி வகுக்கும் எண்ணாகத்தான் இருக்கும். 96இல் இருப்பவை இரண்டும் மூன்றும் மட்டுமே: ஐந்து இரண்டுகள், ஒரு மூன்று. எந்தச் சக்கரத்தைப் போட்டாலும் அந்த வளையத்தில் ஐந்து இதழோ ஏழு இதழோ விழ வழியே இல்லை. 105 என்பது 3 × 5 × 7. அதில் 63 பல் சக்கரத்தைப் போட்டால் பொதுக் காரணி 21. ஐந்து இதழ், மூன்று சுற்று. 30 பல் சக்கரம் என்றால் ஏழு இதழ், இரண்டு சுற்று. ஒரு வளையத்தால் முடியாததை இன்னொன்று செய்துவிடுகிறது. கெட்டிக்காரத்தனமான தேர்வு என்றுதான் சொல்ல வேண்டும்.

நமக்கு வேண்டிய வடிவத்தில் தொடங்கிப் பின்னோக்கியும் வரலாம். இதழ்கள் 8, சுற்றுகள் 3 என்று முடிவு செய்தால், சக்கரம் வளையத்தில் எட்டில் மூன்று பங்கு. இந்த இரண்டு எண்களுக்கும் பொதுக் காரணி இருக்கக் கூடாது. 8 இதழ், 2 சுற்று என்று கேட்டால் நான்கு இதழ் ஒரு சுற்றுதான் கிடைக்கும். கணினியில் வரைபவர்களுக்குப் பெட்டியில் எந்தச் சக்கரம் இருக்கிறது என்ற கவலை இல்லை. பைத்தானில் இவ்வளவு போதும்:

```python
from math import gcd, pi, cos, sin
import turtle

R, r, d = 96, 36, 30
laps = r // gcd(R, r)
k = (R - r) / r
turtle.speed(0)
turtle.penup()
for i in range(360 * laps + 1):
    t = i * pi / 180
    x = (R - r) * cos(t) + d * cos(k * t)
    y = (R - r) * sin(t) - d * sin(k * t)
    turtle.goto(3 * x, 3 * y)
    turtle.pendown()
turtle.done()
```

`R` வளையம், `r` சக்கரம், `d` சக்கரத்தின் நடுவிலிருந்து பேனா இருக்கும் தூரம். பலரும் இடறும் இடம் `k`. 96ஐ 36ஆல் வகுத்தால் போதாதா என்று தோன்றும். ஆனால் சக்கரம் உருளும்போதே வளையத்தை எதிர்த்திசையில் சுற்றியும் வருகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சுழற்சி கழிந்துவிடும். எட்டு முறை உருண்ட சக்கரம், காகிதத்தை வைத்துப் பார்த்தால் ஐந்து முறைதான் சுழன்றிருக்கும். அதனால்தான் `R - r`. பிழையைக் கண்டுபிடிப்பதும் எளிது. திரையில் பதினொரு இதழ் வந்தால் `k` இருக்கும் வரியில் `R / r` என்று எழுதிவிட்டோம். இரண்டே இதழ் வந்தால், `y` வரியில் கழித்தல் குறி இருக்க வேண்டிய இடத்தில் கூட்டல் குறி விழுந்திருக்கிறது.

விகிதம் இம்மி பிசகினால் என்ன ஆகும்? சக்கரத்தின் ஆரத்தை 36க்குப் பதில் 35.9 என்று வைத்துக்கொள்வோம். எட்டு முறை உருண்டதும் 288க்குப் பதில் 287.2தான் கடந்திருக்கும். 0.8 பல் குறைவு. கோணத்தில் மூன்று பாகை. பேனா தொடங்கிய இடத்துக்கு மூன்று பாகை முன்னாலேயே நின்று, அங்கிருந்து அடுத்த எட்டு இதழ்களைப் போடத் தொடங்கும். கணக்குப்படி இதுவும் ஒருநாள் மூடும். 960க்கும் 359க்கும் பொதுக் காரணி இல்லாததால், 359 சுற்றும் 960 இதழும் ஆகும். அதற்குள் காகிதத்தில் கோடே தெரியாது, கறுப்புப் பட்டைதான். இரு ஆரங்களின் விகிதம் பின்னமாக எழுத முடியாத எண்ணாக இருந்தால் ஒருபோதும் மூடாது. பல் இல்லாத வளையத்துக்குள் நாணயத்தை உருட்டி வரைந்தால் சரியாக வராததற்கும் இதுவே காரணம். வழுக்கலும் சேர்ந்துகொண்டால் சொல்லவே வேண்டாம்.

பல் வைத்த பொம்மையிலும் சக்கரம் சில நேரம் ஒரு பல் தாவிவிடும். 96 பல் வளையத்தில் ஒரு பல் என்பது 3.75 பாகை. மூன்றாம் சுற்று முடிந்தும் கோடு சேராமல், முதல் இதழுக்குப் பக்கத்திலேயே ஒட்டினாற்போல் இன்னொரு இதழ் விழுந்தால், தாவல் நடந்திருக்கிறது. அந்தத் தாளை விட்டுவிட்டு வேறு தாள் எடுப்பதே நல்லது; தொடர்ந்தால் எல்லா இதழும் இரட்டைக் கோடாகிவிடும்.

சக்கரத்தில் சரியாகப் பாதி பற்கள் இருப்பது தனி ரகம். 96க்குள் 48: இரண்டு இதழ், ஒரே சுற்று. வருவது நீள்வட்டம். ஓட்டை விளிம்பை நெருங்க நெருங்க அது ஒல்லியாகும். பொம்மைச் சக்கரத்தில் விளிம்பிலேயே ஓட்டை போட முடியாது. கணினியில் `r`, `d` இரண்டையும் 48 ஆக்கிப் பாருங்கள். இரண்டு வட்டங்கள் சுழன்று ஒரு நேர்கோட்டை வரையும். பாரசீக வானியல் அறிஞர் நசீருத்தீன் அல் தூசி 13ஆம் நூற்றாண்டிலேயே இதை நிறுவி, கோள்களின் ஓட்டத்தை விளக்கப் பயன்படுத்தினார்.