வெள்ளோட்டத்தோடு நின்றுவிடும் செயற்கை நுண்ணறிவு

விற்பனையாளர்களின் பில்களைப் படித்துக் கணக்கில் ஏற்றும் செயற்கை நுண்ணறிவுக் கருவி, வெள்ளோட்டத்தில் பிரமாதமாக வேலை செய்தும், அலுவலகம் முழுவதற்கும் விரிக்கும் தருணத்தில் முடங்கிப்போவதையும், குமாஸ்தாக்களின் பிடிவாதமே அதற்குக் காரணமென்று நிர்வாகம் தீர்ப்பெழுதிவிடுவதையும் பல இடங்களில் காண்கிறேன். அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் அநியாயமானது.

ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவை எடுத்துக்கொள்வோம். வெள்ளோட்டத்துக்குப் பொறுக்கிக் கொடுக்கப்பட்டவை பெரிய நிறுவனங்களின் தெளிவான அச்சுப் பில்கள். பிறகு வந்து குவிபவையோ வாட்ஸ்அப்பில் கோணலாக எடுத்த படங்களும், ரப்பர் முத்திரை மறைத்த தொகைகளும், பேனாவால் திருத்திய அளவுகளும். 15 இலக்க ஜி.எஸ்.டி. எண்ணைக் கருவி பிழையாகப் படித்தால், அதன் கடைசிக் குறி சரிபார்ப்புக்கென்றே அமைந்திருப்பதால் தவறு அங்கேயே பிடிபடக்கூடும். பில் எண்ணில் உள்ள ‘ஓ’ என்னும் ஆங்கில எழுத்தைச் சுழியமாகப் படித்துவிட்டாலோ தடுக்க அத்தகைய காவல் ஏதுமில்லை. அடுத்த மாதம் GSTR-2B பட்டியலோடு ஒப்பிடும்போதுதான் பில் பொருந்தாமல் நின்று, உள்ளீட்டு வரி வரவு சிக்கலாகும். அந்தப் பழி தன் தலையில் விழுமென்று அறிந்த குமாஸ்தா, கருவி ஏற்றியதை வரிவரியாகச் சரிபார்த்து, பழைய பதிவையும் விடாமல் செய்து, ஆறு மணிக்குப் போக வேண்டியவர் எட்டு மணிவரை உட்கார்ந்திருக்கிறார். இதையா எதிர்ப்பு என்பது?

ஆகையால், வெள்ளோட்டம் தொடங்குமுன் நிதித்துறைத் தலைவர் கையொப்பமிட்ட ஒரு தாள் வேண்டும். சென்ற மூன்று மாதப் பில்கள் யாவற்றையும், நல்லதைப் பொறுக்காமல், சோதனைக்குக் கொடுப்பதென்று அதில் எழுதியிருக்க வேண்டும். கருவி ஐயப்படும் பில் யாரிடம் போகும், தவறான பட்டுவாடாவுக்கு யார் பொறுப்பு, இரட்டைப் பதிவு எந்தத் தேதியில் ஒழியும், எத்தனை பிழை நேர்ந்தால் கருவியை நிறுத்துவது என்பவையும் அதில் இருக்க வேண்டும். வாய்மொழி வாக்குறுதி போதாது, கையொப்பம் வேண்டும்.

ஆட்குறைப்பில் முடியக்கூடிய தொழில்நுட்ப மாற்றமானால் சட்டமும் குறுக்கே நிற்கிறது. 2025 நவம்பர் 21 முதல் அமலில் உள்ள தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு, பாதிக்கப்படும் தொழிலாளர்களுக்கு முன்னறிவிப்புத் தந்து 21 நாட்கள் கழியுமுன் அத்தகைய மாற்றத்தைச் செய்யலாகாது என்கிறது. எழுத்தர் பணி செய்பவர்களும் ‘தொழிலாளர்’ என்பதில் அடங்குவர். நிர்வாகப் பொறுப்பில் உள்ளவர்கள் அடங்கார். இதை எத்தனை மனிதவள அதிகாரிகள் படித்துப் பார்த்திருக்கிறார்கள்?

அறிவிப்பு வராவிட்டால், தொழிலாளர்கள் தனியொருவராக முறையிட்டு ஓய்ந்துவிடாமல், சங்கத்தின் மூலமாகவோ பலர் கூட்டாகக் கையொப்பமிட்டோ, முதலில் நிர்வாகத்துக்கும், பிறகு தொழிலாளர் துறையின் சமரச அலுவலருக்கும் மனு எழுத வேண்டும். கருவி பயன்பாட்டுக்கு வந்த தேதி, கைமாறிய பணிகள், அறிவிப்பு தரப்படாத விவரம் ஆகியவற்றை மனுவில் குறித்து, நகலில் தேதியோடு கூடிய பெறுகை முத்திரையைக் கேட்டு வாங்க வேண்டும்.