கூறியது கூறா முடிவுரை: ஆய்வுக்கட்டுரையின் இறுதிப் பத்தியைச் செப்பனிடும் முறை

ஆய்வுச்சுருக்கம்

ஆய்வுக்கட்டுரைகளின் முடிவுரை பல நேரங்களில் முன்னுரையின் மறுபதிப்பாக அமைந்துவிடுகிறது. அதனைச் சுருக்கி, கட்டுரையை முழுவதும் படித்தவருக்கே விளங்கக்கூடிய ஓர் இறுதிக் கருத்தைத் தரும் பத்தியாக மாற்றும் முறையைக் குறுந்தொகை தொடர்பான ஒரு மாதிரிக் கட்டுரையைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: முடிவுரை, முன்னுரை, கூறியது கூறல், மற்றொன்று விரித்தல், குறுந்தொகை.

முன்னுரை

நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களுள் கூறியது கூறலும் ஒன்று. இக்குற்றத்தைத் தம் வகுப்பில் பாடமாக நடத்துபவரே தம் கட்டுரையின் இறுதியில் அதனைச் செய்வது உண்டு. இதற்கு அறியாமையைவிட எழுதும் முறையே காரணமாகிறது. கட்டுரையின் உடற்பகுதியை எழுதிக் களைத்த நிலையில், முடிவுரைக்கு என்ன எழுதுவது என்று தேடும் ஆய்வாளர் முதற்பக்கத்துக்குத் திரும்புகிறார். எதிர்காலத்தில் இருந்த வினைகளை இறந்தகாலத்துக்கு மாற்றுகிறார். ‘ஆராயப்படும்’ என்பது ‘ஆராயப்பட்டது’ என்றாகிறது. ஆய்வுச்சுருக்கமும் முன்னுரையும் ஏற்கெனவே உள்ள கட்டுரையில் இது மூன்றாம் முறையாகக் கூறுவதாகும்.

மாதிரி முடிவுரை

குறுந்தொகைப் புலவர்களுள் சிலர், தாம் பாடிய பாடலில் உள்ள தொடராலேயே அறியப்படுகின்றனர். அவர்களுள் எண்மரைப் பற்றிப் பத்துப் பக்க அளவில் ஒரு கட்டுரை எழுதப்பட்டுள்ளதாகக் கொள்வோம். அதன் முடிவுரை, நாம் பலமுறை படித்துப் பழகிய நடையில், பின்வருமாறு அமைகிறது:

“எட்டுத்தொகை நூல்களுள் ஒன்றாகிய குறுந்தொகை சங்க இலக்கியத்தில் சிறப்பிடம் பெறுகிறது. இந்நூலில் புலவர் சிலரின் இயற்பெயர்கள் அறியப்படவில்லை. அவர்கள் தம் பாடல்களில் இடம்பெறும் தொடர்களால் பெயர்பெற்றுள்ளனர். இக்கட்டுரையில் அத்தகைய எட்டுப் புலவர்களின் பெயர்களும் பாடல்களும் ஆராயப்பட்டன. அப்பெயர்களுட் பல உவமைகளால் அமைந்துள்ளமை எடுத்துக்காட்டப்பட்டது. இதன்வழிச் சங்கப் புலவர்களின் உவமைத்திறனை அறிய முடிகிறது. மேலும் பல ஆய்வுகளுக்கு இக்கட்டுரை வழிவகுக்கும்.”

இதில் ஏழு தொடர்கள் உள்ளன. முன்னுரையை அருகில் வைத்துக்கொண்டு, அங்கும் உள்ள தொடர்களை அடிக்கோடிட வேண்டும். முதல் மூன்றும் முன்னுரையில் உள்ளவை; நான்காவது, காலம் மாறிய நோக்கவுரை. இந்நான்கையும் நீக்கிவிடலாம். ஆறாவதும் ஏழாவதும் முன்னுரையில் இல்லை. எனினும் அவற்றையும் வைத்துக்கொள்ள இயலாது. ‘உவமைத்திறனை அறிய முடிகிறது’ என்பதைக் கலித்தொகை பற்றிய கட்டுரையின் இறுதியிலும் மாற்றமின்றிச் சேர்க்கலாம். வேறொரு கட்டுரைக்கு அப்படியே பொருந்தும் தொடர் இக்கட்டுரையின் முடிவாகாது.

எஞ்சுவது ஐந்தாம் தொடர். அதிலும் ‘பல’ என்ற சொல்லே தடையாக நிற்கிறது. எத்தனை என்பது உடற்பகுதியில் இருக்க, முடிவுரை அதனை மங்கலாக்கிவிடுகிறது.

இறுதிக் கருத்தைக் கண்டடைதல்

நீக்குவது எளிது, நீக்கிய இடத்தில் என்ன எழுதுவது என்பதே இடர். அதற்கு ஆய்வாளர் தம்மையே ஒரு வினா கேட்டுக்கொள்ளலாம்: உடற்பகுதியைப் படித்து முடித்தவர் இப்போது எதனை ஒப்புக்கொள்வார், முன்னுரையை மட்டும் படித்தவர் எதனை ஒப்புக்கொள்ளத் தயங்குவார்? இதற்கு விடை உடற்பகுதித் தரவுகளுக்குள்தான் இருக்கும்.

மாதிரிக் கட்டுரையின் தரவுகளைப் பார்ப்போம். செம்புலப்பெயனீரார் (40), அணிலாடு முன்றிலார் (41), மீனெறி தூண்டிலார் (54), ஓரேருழவனார் (131), கல்பொரு சிறுநுரையார் (290), குப்பைக்கோழியார் (305) ஆகிய அறுவரின் பெயர்களும் உவமையிலிருந்து வந்தவை. கங்குல் வெள்ளத்தாரின் பெயர் (387) உருவகத்திலிருந்து வந்தது. எஞ்சியவர் நெடுவெண்ணிலவினார் (47). இவர் பெயருக்குக் காரணமான தொடர் உவமையும் அன்று, உருவகமும் அன்று. நிலவை நோக்கிய விளி. இப்பாடலில் உவமை இல்லாமலும் இல்லை. வேங்கைப்பூ உதிர்ந்து கிடக்கும் பாறை புலிக்குட்டி போலத் தோன்றுவதாகப் பாடல் கூறுகிறது. அந்த உவமையை விட்டுவிட்டு, பாடலின் ஈற்றில் உள்ள விளியே பெயராகத் தேர்ந்துகொள்ளப்பட்டுள்ளது.

உடற்பகுதியில் இதனை ஒரு விதிவிலக்காகக் குறித்துவிட்டு ஆய்வாளர் கடந்து சென்றிருப்பார். முடிவுரைக்கான கருத்து பெரும்பாலும் இத்தகைய விதிவிலக்கின் அருகிலேயே கிடைக்கிறது. ஏழு பெயர்களை மட்டும் நோக்கினால் புலவரின் உவமைத்திறன் என்ற பழைய முடிவே தோன்றும். எட்டாவதையும் சேர்த்து நோக்கும்போது, தேர்ந்தவர் ஒருவர் இருந்துள்ளார் என்பது புலப்படுகிறது. அப்போது முடிவுரை இவ்வாறு அமையலாம்:

“இப்பெயர்கள் புலவரைப் பற்றிக் கூறுவதைவிட, பெயரிட்டவரைப் பற்றியே மிகுதியாகக் கூறுகின்றன. ஒரு பாடலில் எத்தொடர் அப்பாடலின் அடையாளமாகும் என்பதை அவர் தேர்ந்துள்ளார். எட்டில் ஆறு இடங்களில் அவர் உவமையைத் தேர்ந்தார். 47ஆம் பாடலில் உவமை இருந்தும் அதனைத் தேரவில்லை. எனவே இவற்றைப் பெயர்களாக மட்டுமன்றி, சங்கப்பாடலை ஒருவர் படித்த முறைக்கான பதிவுகளாகவும் கொள்ளலாம்.”

ஐந்தே தொடர்கள். கட்டுரையில் இல்லாத தரவு எதுவும் இதில் இல்லை. ஆயினும் முன்னுரையில் இடம்பெற்றிருக்க முடியாத கருத்து உண்டு.

எல்லைகள்

இம்முறையில் இரண்டு வழுக்கல்கள் நேர்வதுண்டு. ஒன்று, புதிய கருத்தைத் தேடிச் செல்பவர் புதிய பொருளுக்குள் நுழைந்துவிடுவது. தொடரால் பெயர்பெற்றவர்கள் புறநானூற்றிலும் உளர் என்று இறுதிப் பத்தியில் முதன்முறையாகக் கூறினால், அது நன்னூல் கூறும் மற்றொன்று விரித்தல் என்னும் குற்றமாகிவிடும். அக்கருத்து இன்றியமையாதது எனில் உடற்பகுதியில் இடம்பெறட்டும்.

மற்றொன்று, தரவைத் தாண்டிப் பேசுவது. ‘பண்டைத் தமிழர் உவமையையே பாடலின் உயிராகக் கருதினர்’ என்று எழுத எவர் கையும் துடிக்கும். எட்டுப் பாடல்கள் அவ்வளவு பெரிய கூற்றைத் தாங்கா. பெயரிட்டவர் தொகுத்தவரா, பின்வந்த ஏடெழுதியவரா, ஒருவரா, பலரா என்பதையும் இத்தரவு தீர்மானிக்காது. அதனால்தான் மேற்காட்டிய முடிவுரை ‘பெயரிட்டவர்’ என்ற அளவில் நின்றுகொள்கிறது. சொல்லப்போனால், அங்கும் ‘அவர்’ என்ற ஒருமை சற்று மிகைதான். மதிப்பீட்டாளர் சுட்டினால் மாற்றிக்கொள்ள வேண்டும்.

தொகுத்துச் சுட்டலை நன்னூல் உத்திகளுள் ஒன்றாகக் கூறுவது உண்மையே. முந்நூறு பக்க ஆய்வேட்டின் இயல் இறுதியில் தொகுப்புரை தேவைப்படுகிறது. அங்குப் படிப்பவர் நூறு பக்கத்துக்கு முன் படித்ததை மறந்திருக்கக்கூடும். பத்துப் பக்கக் கட்டுரையின் வாசகர் எதனையும் மறந்திருக்கமாட்டார். ஆய்வேட்டு இயலைக் கட்டுரையாக்கி இதழுக்கு அனுப்புவோர் தொகுப்புரையையும் அப்படியே எடுத்துவந்துவிடுவதால்தான் இப்பழக்கம் இதழ்களிலும் வேரூன்றியுள்ளது.

முடிவுரை

முடிவுரையைத் திருத்தியபின் முன்னுரையும் திருத்தத்தை வேண்டி நிற்கும். மாதிரிக் கட்டுரையின் முன்னுரை ‘தொடரால் பெயர்பெற்ற புலவர்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்’ என்று முடிந்திருந்தது. புதிய இறுதிப் பத்திக்குப் பின் அத்தொடர் பொருந்தவில்லை. ஏனெனில் கட்டுரை ஆராய்ந்தது புலவர்களை அன்று. ‘இப்பெயர்களை இட்டவர் பாடலில் எதனைக் கண்டு இட்டார்?’ என்று அது வினாவாக மாற வேண்டியதாயிற்று.