கேரளமா, பீகாரா?

2019 மாதிரிப் பதிவுக் கணக்கின்படி ஆயிரம் பேருக்குக் கேரளத்தில் 7.1 பேர் இறந்தனர், பீகாரில் 5.5 பேர்தான். பீகார்தான் ஆரோக்கியமானதா? இல்லை, கேரளத்தில் முதியோர் அதிகம்.

கற்பனையாக ஓர் ஊரைக் கொள்வோம். அறுபதுக்குக் கீழே ஆயிரத்துக்கு 2 பேர், மேலே 30 பேர் இறக்கிறார்கள். முதியோர் 20 சதவீதம் என்பதால் மொத்த விகிதம் 7.6. இன்னோர் ஊரில் இவை 3, 40. முதியோர் 8 சதவீதமே, விகிதம் ஏறத்தாழ 6. இரண்டுக்கும் முதியோர் 10 சதவீதம் என்று வைத்துக் கணக்கிட்டால் 4.8, 6.7 என நிலைமை தலைகீழாகிறது.

இவை ஒப்பிட மட்டுமே. உண்மையில் இறந்தவர் எண்ணிக்கை அல்ல. பொது மக்கள்தொகையை மாற்றினால் எண்களும் மாறும். எனவே ஆய்வுக் கட்டுரையில் எந்தப் பொது மக்கள்தொகை என்று முதலில் பாருங்கள்.