உடலும் ஊரும் – 11: காற்சட்டைப் பையில் போன்

தோட்டத்தில் கலியாணமாகி இரண்டு வருடம் பிள்ளையில்லை என்றால் முதலில் மருமகளைத்தான் விசாரிப்பார்கள். இப்போது மகனின் காற்சட்டைப் பையும் விசாரணைக்கு வந்திருக்கிறது. "போனை அங்க வைக்காதடா, வித்து செத்துப்போகும்" என்று அம்மாமார் சொல்கிறார்கள்.

இந்தப் பயத்துக்குப் பெரும் தீனி போட்டது 2009இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் நடந்த பரிசோதனை. 32 ஆண்களின் விந்து மாதிரிகளுக்கு 2.5 சென்ரிமீற்றர் தள்ளி, அழைப்பில் இருக்கும் போனை ஒரு மணி நேரம் வைத்தார்கள். விந்தணுக்களின் ஓட்டம் குறைந்தது. ஆனால் அங்கே இருந்தது குழாயில் இருந்த விந்து. தோலும் தசையும் குறுக்கே இல்லை.

மனிதர்களிடம் பார்த்ததில் பெரியது சுவிஸ் ஆய்வு. 2005 முதல் 2018 வரை, இராணுவ ஆட்சேர்ப்புக்கு வந்த 18 முதல் 22 வயதான 2,886 பேரைச் சோதித்தார்கள். வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் போனைத் தொடாதவர்களிடம் மில்லிலீற்றருக்கு 56.5 மில்லியன் விந்தணு. நாளுக்கு 20 முறைக்கு மேல் பாவித்தவர்களிடம் 44.5 மில்லியன். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் எல்லை 16 மில்லியன்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். போனைக் காற்சட்டைப் பையில் வைப்பதற்கும் எண்ணிக்கைக்கும் தொடர்பு தெரியவில்லை. ஆனால் உடலைவிட்டுத் தள்ளி வைத்தவர்கள் மிகச் சிலரே என்பதால் அதை இறுதித் தீர்ப்பாக எடுக்க முடியாது. அதிகம் பாவிப்பவர்களின் தூக்கமும் உட்கார்ந்த வாழ்க்கையும் கூடக் காரணமாகலாம்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. போன் பாவனைக்கும் எண்ணிக்கைக்குமான தொடர்பு 2005–2007இல் தெளிவாக இருந்தது, பின்னர் மங்கியது. பழைய 2ஜி போன்கள் கூடுதல் சக்தியில் அலை அனுப்பின. 3ஜி, 4ஜி போன்கள் குறைவாகவே அனுப்புகின்றன. ஆனால் எந்தப் போனும் கோபுரம் எட்டாத இடத்தில் சக்தியைக் கூட்டும். மலை மறைக்கும் மடுல்சீமை, லுணுகலைப் பக்கத்து லயங்களில் ஒரு கோடுதான் சிக்னல் என்றால், பையில் ஹொட்ஸ்பொட்டைப் போட்டுக்கொண்டு திரிவதைத் தவிர்ப்பது நல்லது. அழைப்போ டேட்டாவோ இல்லாமல் சும்மா கிடக்கும் போன் இடைக்கிடைதான் அலை அனுப்பும்.

ஹோர்மோன் பற்றிய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. டெஸ்ரொஸ்ரெரோன் காலையில் கூடியிருக்கும், மாலையில் இறங்கும். பின்னேரம் எடுத்த ஒரு இரத்தப் பரிசோதனையை வைத்துப் போனைக் குற்றம் சொல்ல வேண்டாம்.

சந்தேகம் இருப்பவர் விந்துப் பரிசோதனை செய்யலாம். 2 முதல் 7 நாள் விலகியிருந்து கொடுக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும். லுணுகலையிலிருந்து பதுளைக்கு பஸ்ஸில் வரவே அதற்கு மேலாகும். ஆகவே மாதிரியை வீட்டிலிருந்து கொண்டுவராமல், பரிசோதனைக் கூடத்திலேயே கொடுங்கள். விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாட்கள் எடுப்பதால், குறை இருந்தால் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மனைவியை வைத்தியரிடம் அனுப்புகிற அதே வாரத்தில் கணவரும் போகட்டும்.