வாசலில் கழற்றும் ஊரில் ஷூ: அன்றும் இன்றும்

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் விழுப்புரத்தில் ஒருவர் காலில் ஷூ இருந்தால், அவர் என்ன உத்தியோகம் என்று ஓரளவு ஊகித்துவிடலாம். ஜங்ஷனில் கொடியோடு நிற்கும் கார்டு, டிக்கெட் பரிசோதகர், கோர்ட்டுக்குப் போகும் வக்கீல், வங்கி மேனேஜர், போலீஸ் அதிகாரி. மற்றவர்களுக்குச் செருப்புதான். தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவும் பள்ளிக்கூட வாத்தியாரும் தோல் செருப்போடு போய்த் தோல் செருப்போடு திரும்பினார்கள். விழுப்புரமும் திண்டிவனமும் அப்போது தென்னாற்காடு மாவட்டம்; விழுப்புரம் தனி மாவட்டமானது 1993-இல்தான். நல்ல ஷூ வேண்டுமென்றால் பஸ் ஏறிப் பாண்டிச்சேரி நேரு வீதிக்குப் போக வேண்டும், இல்லையென்றால் மெட்ராஸ். கறுப்பிலோ பழுப்பிலோ லேஸ் கட்டும் ஷூ ஒன்று வாங்கி வருவார்கள். அது ஆக்ஸ்ஃபோர்டா, டெர்பியா என்று வாங்கியவரும் கேட்கவில்லை, விற்றவரும் சொல்லவில்லை.

இன்று காலையில் தாம்பரம் போகும் ரயிலில் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் ஏறுகிறவர்களின் கால்களைப் பாருங்கள். மறைமலை நகருக்கும் மகேந்திரா சிட்டிக்கும் வேலைக்குப் போகும் பிள்ளைகள் பாதிப் பேர் ஷூதான். கைபேசியில் தேடினால் ஆக்ஸ்ஃபோர்டு, டெர்பி, லோஃபர் என்று மூன்று பெயரும் நூறு படங்களோடு வந்து நிற்கின்றன. பெயர் தெரிந்துவிட்டது. ஆனால் எது தன் காலுக்கு, எது எந்த இடத்துக்கு என்பது தெரியாமல் வாங்கிக் கடிபட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுகிறவர்கள்தான் அதிகம்.

ஆக்ஸ்ஃபோர்டுக்கும் டெர்பிக்கும் வித்தியாசம் ஒரே ஒரு தையலில் இருக்கிறது. லேஸ் கோக்கும் ஓட்டைகள் உள்ள இரண்டு பக்கத் தோல் மடல்களைக் கவனியுங்கள். அந்த மடல்களின் அடிப்பகுதி, விரல்களை மூடும் முன்தோலுக்குக் கீழே செருகித் தைக்கப்பட்டிருந்தால் அது ஆக்ஸ்ஃபோர்டு. லேஸ் கட்டியதும் இரண்டு மடலும் நெருங்கி வந்து ஒரே கோடாகச் சேரும்; நாக்கு வெளியே தெரியாது. மடல்கள் முன்தோலுக்கு மேலே வைத்துத் தைக்கப்பட்டிருந்தால் அது டெர்பி. அதில் மடல்கள் கதவு போலத் திறக்கும். கடையில் சந்தேகம் வந்தால் லேஸை முழுக்க உருவிவிட்டு மடலைத் தூக்கிப் பாருங்கள். அடிவரை தனியாகப் பிரிந்து வந்தால் டெர்பி; அடியில் பிடித்துக்கொண்டு நின்றால் ஆக்ஸ்ஃபோர்டு. பூ வேலைப்பாடு மாதிரி சிறு துளைகள் போட்டது எதில் வேண்டுமானாலும் வரும், அதை வைத்துப் பெயர் சொல்ல முடியாது. லோஃபருக்கு லேஸே கிடையாது, காலை நுழைத்தால் முடிந்தது. நார்வேக்காரர்களின் காலணியைப் பார்த்து அமெரிக்காவில் பாஸ் நிறுவனம் 1936-இல் செய்து விற்ற மாதிரிதான் இன்றைய பென்னி லோஃபருக்கு வழிகாட்டி.

இந்த ஒரு தையலுக்காக இவ்வளவு பேச வேண்டுமா என்றால், நம் கால்களுக்கு வேண்டும். சின்ன வயதில் வெறுங்காலோடும் பிறகு செருப்போடும் வளர்ந்த பாதம் முன்பக்கம் விரிந்திருக்கும். பலருக்குப் புறங்கால் மேடும் உயரம். ஆக்ஸ்ஃபோர்டு விட்டுக்கொடுக்காத ஷூ. அதன் மடல்கள் ஓரளவுக்கு மேல் திறக்காது.

என் அக்கா மகனுக்குத் திண்டிவனத்தில் கல்யாணம் நிச்சயமானபோது அவனோடு கடைக்குப் போயிருந்தேன். கறுப்பு ஆக்ஸ்ஃபோர்டுதான் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். எட்டாம் நம்பர் போட்டான். லேஸை இறுக்கிக் கட்டியும் மடல்களுக்கு நடுவே இரண்டு விரல் இடைவெளி, ‘வி’ எழுத்தைப் போல.

“கரெக்டாதான் மாமா இருக்கு. நீளம் சரியா இருக்கே.”

“நீளம் சரிதாம்ப்பா. மேல பாரு, மூடவே இல்லையே. அரைமணி நேரம் நின்னாப் புறங்கால்ல லேஸ் அழுந்திச் சிவந்துடும்.”

ஒன்பதாம் நம்பர் கேட்டான். மடல்கள் கொஞ்சம் நெருங்கின. ஆனால் நடந்தபோது குதிகால் ஒவ்வொரு எட்டுக்கும் மேலே எழும்பியது. மேலே இடம் தேடி நீளத்தைக் கூட்டினால் இதுதான் நடக்கும். ஆக்ஸ்ஃபோர்டில் லேஸ் கட்டியபின் மடல்களுக்கு நடுவே அரை சென்டிமீட்டர் அளவுக்கு இடைவெளி இருப்பதுதான் சரி. தோல் பழகியதும் அது மூடிக்கொள்ளும். வாங்கும் நாளிலேயே முழுக்க மூடிவிட்டால் பிறகு இறுக்க இடம் இருக்காது. எட்டாம் நம்பரிலேயே டெர்பி போட்டுப் பார்க்கச் சொன்னேன். மடல்கள் தேவையான அளவு திறந்தன, குதிகாலும் நின்றது. நாங்கள் போனது சாயங்காலம், அதுவும் நல்லதாயிற்று. நாள் முழுக்க நின்று நடந்த கால் மாலையில் சற்று வீங்கியிருக்கும். காலையில் சரியாக இருந்த ஷூ அப்போது கடிக்கும்.

ரிசப்ஷனுக்கு அவன் அந்த டெர்பியைத்தான் போட்டான். மேடையில் மூன்று மணி நேரம் நின்றான். கோட் சூட்டுக்கு ஆக்ஸ்ஃபோர்டுதான் முறை என்று எழுதுகிறவர்கள் உண்டு, ஐரோப்பிய மரபில் அது உண்மையும்கூட. ஆனால் மினுங்கும் பாலிஷ் போட்ட, வேலைப்பாடு இல்லாத கறுப்பு டெர்பிக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் மேடைக்குக் கீழே நாற்காலியில் இருப்பவர் கண்ணுக்குத் தெரியாது. கால் வலிக்கிற மாப்பிள்ளையின் முகம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். மடல் மூடுகிற ஒல்லிக் கால் இருந்தால் தாராளமாக ஆக்ஸ்ஃபோர்டு வாங்குங்கள், அதன் அழகு தனிதான்.

நம் பக்கத்துக் கல்யாணத்தில் ஷூவுக்கு இடம் வந்ததே ரிசப்ஷன் வந்த பிறகுதான். முகூர்த்தம் அன்றும் இன்றும் வேட்டி, வெறுங்கால். முந்தைய நாள் மாலை ரிசப்ஷனுக்கு மட்டும்தான் சூட்டும் ஷூவும். அன்று ஒரு ஷூவை வாங்கினால் அதையே ஆபீசுக்கும் வருஷக்கணக்கில் போட்டுத் தேய்த்தார்கள். அடிப்பாகம் தேய்ந்தால் செருப்பு தைப்பவரிடம் கொடுத்து அரை சோல் அடித்துக்கொண்டார்கள். இன்று கல்யாணத்துக்கென்று தனியாக வாங்கி, மூன்று மணி நேரம் போட்டு, பெட்டியோடு பரணில் ஏற்றிவிடுகிறார்கள். அங்கேதான் கேடு ஆரம்பிக்கிறது.

இப்போது வரும் பல ஷூக்களின் அடிப்பாகம் பாலியூரித்தேன் என்ற நுரைப் பொருள். லேசாக இருக்கும், மெத்தென்று இருக்கும். ஆனால் காற்றின் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சி உள்ளுக்குள் சிதைகிற குணம் அதற்கு உண்டு. நடக்கும்போது அமுங்கி எழும் சோலில் ஈரம் தங்குவது குறைவு. மூடிய பெட்டியில் சும்மா கிடந்தால் சிதைவு வேகமாகும். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் நம் ஊர்களில் மூன்று நான்கு வருஷத்தில், தம்பி கல்யாணத்துக்கென்று எடுத்துப் போட்டால், மண்டப வாசலிலேயே அடிப்பாகம் கேக் மாதிரி உதிரும். மேல்தோல் புதிதாகவே இருக்கும், அதனால் முன்கூட்டித் தெரியாது. சோலின் ஓரத்தில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பிசுபிசுவென்று ஒட்டினாலோ, மயிரிழை வெடிப்பு தெரிந்தாலோ, அழுத்திய பள்ளம் மேலே வராமல் நின்றாலோ அதன் ஆயுள் முடிந்தது. வாங்கும்போதே கெட்டி ரப்பர் சோல் உள்ளதாகக் கேட்டு வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை.

தோல் விஷயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரம் நமக்கு வடமேற்கே சில மணி நேர பஸ் தூரம்தான். அன்று அங்கிருந்து போனது பெரும்பாலும் பதனிட்ட தோல். அதை வாங்கி ஐரோப்பாவில் ஷூவாகத் தைத்துக்கொண்டார்கள். எழுபதுகளில் மத்திய அரசு பச்சைத்தோல் ஏற்றுமதிக்குத் தடை போட்டு, பாதி பதனிட்ட தோலையும் கட்டுப்படுத்தி, முடித்த பொருளாக அனுப்பச் சொன்னது. அதற்குப் பிறகு ஷூவின் மேல்பாகமும், பிறகு முழு ஷூவுமே அங்கே தயாராயின. ஏற்றுமதியில் மிஞ்சியது ஆம்பூர்க் கடைகளில் கிடைக்கும். அந்த மாதிரி ஷூவின் உள்ளே சின்னச் சின்னப் படங்கள் அச்சிட்டிருக்கும்: மேல்பாகம், உள்துணி, அடிப்பாகம் ஒவ்வொன்றுக்கும் ஒன்று. பக்கத்தில் விரித்த மாட்டுத்தோல் வடிவம் இருந்தால் அசல் தோல், சாய்சதுரம் இருந்தால் செயற்கைப் பொருள். உள்ளங்கால் அட்டையில் மட்டும் ‘லெதர்’ என்று முத்திரை குத்தியிருப்பதை நம்பி ஏமாற வேண்டாம்.

ஆபீஸ் விஷயத்துக்கு வருவோம். தமிழக அரசு 2019-இல் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு உடை விதி சொன்னபோது ஆண்களுக்குப் பேன்ட் சட்டை அல்லது வேட்டி என்றது. நம் மாவட்ட ஆபீஸ்களில் இன்றும் செருப்போடு போவதில் தவறில்லை. தனியார் கம்பெனியில், பேங்கில், நேர்முகத் தேர்வில் ஷூ எதிர்பார்க்கிறார்கள். அங்கே கறுப்பு டெர்பி எப்போதும் பொருந்தும். ஒரு கஷ்டம் உண்டு: கம்ப்யூட்டர் லேப், கிளினிக், பூஜை போட்ட புது ஆபீஸ் என்று நாளுக்கு நாலு இடத்தில் வாசலில் கழற்ற வேண்டியிருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டை ஒவ்வொரு தடவையும் அவிழ்த்தே ஆக வேண்டும். அவிழ்க்காமல் குதிகாலை மிதித்து நுழைப்பவர்கள் பின்பக்கத்து விறைப்பை ஆறே மாதத்தில் உடைத்துவிடுகிறார்கள், அதன்பின் எந்த ஷூவும் காலில் நிற்காது. டெர்பியின் லேஸைக் கொஞ்சம் தளர்த்தினாலே கால் வெளியே வரும்.

பயணத்துக்கு லோஃபர், அதில் எனக்கு இரண்டாம் யோசனை இல்லை. பெர்த்தில் ஏறவும் இறங்கவும், வழியில் மயிலம் கோயில் வாசலில் கழற்றவும் ஒரு நொடி போதும். கல்யாணத்துக்கு விருந்தாளியாகப் போகிறவருக்கும் பழுப்பு லோஃபர் அழகாக இருக்கும். ஆனால் அதை வாங்குவது லேஸ் ஷூவைவிடக் கடினம். இறுக்க லேஸ் இல்லாததால், கடையில் போடும்போதே புறங்காலில் கொஞ்சம் இறுக்கமாக இருக்க வேண்டும். விரல் மட்டும் முட்டக் கூடாது. தோல் பக்கவாட்டில் இளகும், நீளத்தில் இளகாது. முதல் நாளே சௌகரியமாக இருக்கிற தோல் லோஃபர் இரண்டு மாதத்தில் செருப்பு மாதிரி தட்டும்.

மழைக்காலத்தில் லோஃபரைத் தொடாதீர்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது; வீட்டுக்குள் தண்ணீர் வந்து ஷூக்கள் மிதந்த தெருக்கள் எத்தனையோ. அவற்றை மழை விட்டதும் வெயிலில் காயவைத்தவர்கள் வெடித்த தோலைத்தான் எடுத்தார்கள். நனைந்த தோல் ஷூவை முதலில் நல்ல தண்ணீரில் சேறு போகத் துடைத்து, உள்ளே பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஈரமாக ஆக மாற்றிக்கொண்டே, மின்விசிறிக் காற்று படும் நிழலில் இரண்டு மூன்று நாள் விட வேண்டும். முழுக்கக் காய்ந்த பிறகு கிரீம், அதன் பிறகு பாலிஷ்.

ஒரே ஜோடிதான் வாங்க முடியும் என்றால் ரப்பர் சோல் போட்ட, வேலைப்பாடு இல்லாத கறுப்பு டெர்பி வாங்குங்கள். அதற்கு முன் பரணில் இருக்கும் உங்கள் கல்யாண ஷூவை இந்த வாரமே இறக்கி அழுத்திப் பாருங்கள். சோல் போயிருந்தாலும் மேல்தோல் நன்றாக இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். உங்கள் ஊர்ச் செருப்பு தைப்பவரிடம் காட்டுங்கள். ரப்பர் சோல் ஒட்டி ஓரத்தில் சுற்றித் தைத்துத் தரச் சொல்லுங்கள், இன்னும் பல வருஷம் போடலாம்.