பால்கனியில் பிடிபடும் அறிக்கை

கட்டட வடிவமைப்பு அறிக்கையின் சில பகுதிகளை இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகளே எழுதித் தருகின்றன. நடையில் குறை இராது. அதனால் சரிபார்க்கும் பொறியாளர் ஏதாவது ஓர் உறுப்பைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்கிறார்.

சுவரிலிருந்து 1.5 மீட்டர் நீளும் பால்கனியை எடுத்துக்கொள்வோம். நீளத்தை 20ஆல் வகுத்து, தளத்தின் பயனுறு ஆழம் 75 மி.மீ. போதும் என்கிறது அறிக்கை. ஐ.எஸ். 456 விதிநூலில் 20 என்ற எண் இருக்கத்தான் செய்கிறது; ஆனால் அது இருமுனையிலும் தாங்கப்பட்ட தளத்துக்கு உரியது. ஒருமுனை மட்டும் பிடிப்புள்ள பால்கனிக்கு அடிப்படை எண் 7. அப்படியானால் ஆழம் ஏறக்குறைய 215 மி.மீ. ஆகிறது, கம்பியின் அளவைப் பொறுத்து அது மாறும். "இங்கே ஏன் 20?" என்ற கேள்விக்கு விதி எண்ணை ஒப்பித்தால் போதாது.

அடுத்த கேள்வி: "பால்கனியை 30 செ.மீ. நீட்டினால்?" சீரான சுமை தரும் வளைவுத் திருப்புமை நீளத்தின் இருமடிக்கேற்பக் கூடும், எனவே 44 சதவீதம் ஏறும். இழுவிசை மேற்பரப்பில் என்பதால் முக்கியக் கம்பியும் மேலேதான். சொந்தமாகக் கணக்குப் போட்டவர் இதைத் தாளில் கிறுக்கியே காட்டிவிடுவார். பதற்றத்தில் எண் தவறினாலும் பாதகமில்லை, காரணம் தெரிந்தால் போதும். காரணமே தெரியாதவரின் அறிக்கையைத் திருப்பி அனுப்புவதே முறை.