புதிதாக இருந்தால் மட்டும் போதாது

1998 ஜூலை 17. சுவிட்சர்லாந்தின் நோவார்ட்டிஸ் மருந்து நிறுவனம் சென்னை காப்புரிமை அலுவலகத்தில் ஒரு விண்ணப்பத்தைத் தாக்கல் செய்தது. இமாட்டினிப் மெசிலேட் என்ற மருந்துப் பொருளின் 'பீட்டா' வகைப் படிகத்துக்குக் காப்புரிமை வேண்டும் என்பது அதன் கோரிக்கை. ஒருவகை நாள்பட்ட ரத்தப் புற்றுநோயைக் கட்டுக்குள் வைக்கும் அந்த மருந்துதான் பின்னர் 'க்ளிவெக்' என்ற பெயரில் உலகெங்கும் விற்பனைக்கு வந்தது. ஆனால், அந்த விண்ணப்பத்துக்கு இந்தியாவில் காப்புரிமை கிடைக்கவே இல்லை. 15 ஆண்டுகள் நீடித்த அந்த வழக்கைப் பின்தொடர்ந்தால், எதற்குக் காப்புரிமை கிடைக்கும், எதற்குக் கிடைக்காது என்பதை இந்தியச் சட்டம் எப்படி முடிவு செய்கிறது என்பது விளங்கிவிடும்.

காப்புரிமை என்பது அரசுக்கும் கண்டுபிடித்தவருக்கும் இடையிலான ஓர் ஒப்பந்தம் போன்றது. கண்டுபிடித்தவர் தன் கண்டுபிடிப்பை மறைக்காமல், அந்தத் துறை தெரிந்த இன்னொருவர் படித்துப் பார்த்துச் செய்யும் அளவுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். பதிலுக்கு, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு வேறு யாரும் அதைச் செய்யவோ விற்கவோ கூடாது என்று தடுக்கும் உரிமையை அரசு அவருக்குத் தருகிறது. இவ்வளவு பெரிய உரிமையைக் கொடுப்பதற்கு முன்னால் சட்டம் சில கேள்விகளைக் கேட்கிறது.

முதல் கேள்வி, இது புதியதா? இங்கே புதுமை என்பதன் அளவுகோல் மிகக் கடுமையானது. விண்ணப்பித்த நாளுக்கு முன்பு உலகின் எந்த மூலையிலாவது, எந்த மொழியிலாவது அந்த விஷயம் அச்சில் வந்திருந்தால் புதுமை போய்விடும். கண்டுபிடித்தவரே ஒரு கட்டுரையில் எழுதியிருந்தாலும் பெரும்பாலும் அதே கதிதான். விண்ணப்பம் போடுவதற்கு முன்பே ஆய்வை இதழில் வெளியிட்டுவிடும் கல்லூரிப் பேராசிரியர்கள் இதில்தான் இடறுகிறார்கள். அரசு அறிவித்த கண்காட்சி, அறிஞர் சங்கத்தில் வாசித்த கட்டுரை போன்ற சிலவற்றுக்கு மட்டும் 12 மாதச் சலுகை உண்டு. அதை நம்பி இருப்பது ஆபத்து.

மஞ்சள் விவகாரம் பலருக்கும் நினைவிருக்கும். காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995-ல் அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் காப்புரிமை பெற்றது. நம் வீடுகளில் விழுந்து அடிபட்ட குழந்தைக்கு முதலில் வைப்பதே மஞ்சள்தான். ஆனால், 'எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்' என்று சொல்லி அந்தக் காப்புரிமையை உடைக்க முடியவில்லை. அன்றைய அமெரிக்கச் சட்டம் வெளிநாட்டு வழக்கத்தைக் கணக்கில் எடுக்காது. அச்சிட்ட ஆவணம் இருந்தால்தான் ஏற்கும். அதனால் இந்தியாவின் அறிவியல், தொழில் ஆராய்ச்சி மன்றம் சமஸ்கிருத, உருது, இந்தி நூல்களைத் தேடி எடுத்தது. இந்திய மருத்துவச் சங்கத்தின் இதழில் 1953-ல் வெளியான ஒரு கட்டுரையும் அவற்றில் ஒன்று. 1997-ல் காப்புரிமை ரத்தானது. அதற்குப் பிறகுதான் ஆயுர்வேதம், யுனானி, சித்த மருத்துவம் ஆகியவற்றின் குறிப்புகளை மொழிபெயர்த்து, காப்புரிமை ஆய்வாளர்கள் தேடிப் பார்க்கும் வகையில் ஒரு மின்னணு நூலகத்தை இந்தியா உருவாக்கியது. நம் சட்டம் இதில் ஒரு படி மேலே போகிறது. ஒரு சமூகத்தினரிடையே வாய்மொழியாக மட்டும் இருக்கும் அறிவைக் காட்டிக்கூட இங்கே ஒரு விண்ணப்பத்தை எதிர்க்கலாம்.

இரண்டாவது கேள்விதான் கடினமானது. ஒன்று புதியதாக இருக்கலாம். ஆனால், அந்தத் தொழில் தெரிந்த யாருக்கும் தானாகவே தோன்றக்கூடியதாக இருந்தால்? அதற்கு 20 ஆண்டு உரிமை எதற்கு? முன்பிருந்த அறிவிலிருந்து கண்டுபிடிப்பு எடுத்துவைத்திருக்கும் முன்னேற்றத்தைச் சட்டம் 'புத்தாக்கப் படி' என்கிறது. அந்தப் படி, துறை தெரிந்தவருக்கு வெளிப்படையாகத் தெரியும் ஒன்றாக இருக்கக் கூடாது.

உச்ச நீதிமன்றம் 1978-ல் தீர்ப்பளித்த ஒரு பாத்திர வழக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பித்தளைத் தட்டு போன்ற ஆழமில்லாத பாத்திரங்களைக் கடைசல் இயந்திரத்தில் சுழலவிட்டுச் சுரண்டி மெருகேற்றுவார்கள். பழைய முறையில் பாத்திரத்தை இயந்திரத்தின் தலைப்பகுதியில் ஒருவகைப் பசையால் ஒட்டுவார்கள், அல்லது கவ்வியில் பிடிப்பார்கள். வேகமாகச் சுழலும்போது பாத்திரம் பிய்த்துக்கொண்டு பறக்கும். வேலை செய்பவருக்கு அடிபடும். இதைத் தவிர்க்க, எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு தண்டு பாத்திரத்தை அழுத்திப் பிடிக்கும் அமைப்புக்கு ஒரு நிறுவனம் 1951-ல் காப்புரிமை வாங்கியிருந்தது. பயனுள்ள மாற்றம், அதில் சந்தேகமில்லை. ஆனால், கடைசல் இயந்திரத்தில் எதிர்ப்பக்கத் தண்டால் பொருளைத் தாங்குவது ஏற்கெனவே தெரிந்த விஷயம். தெரிந்த ஒன்றைப் பாத்திரத்துக்குப் பயன்படுத்தியது பட்டறை அளவிலான திருத்தம்தான், கண்டுபிடிப்பு ஆகாது என்று நீதிமன்றம் காப்புரிமையைத் தள்ளுபடி செய்தது. பயன் வேறு, புத்தாக்கம் வேறு என்பதை இன்றும் இந்தத் தீர்ப்பைக் காட்டித்தான் வழக்கறிஞர்கள் வாதாடுகிறார்கள்.

இனி க்ளிவெக்குக்கு வருவோம். மூல வேதிப்பொருளான இமாட்டினிப்பை உருவாக்கியவர் யூர்க் சிம்மர்மன் என்ற வேதியியலாளர். அதற்கும் அதன் உப்புகளுக்கும் 1996-லேயே அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்துவிட்டது. அந்தக் காலத்தில் இந்தியச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தரவில்லை. செய்முறைக்கு மட்டுமே தந்தது. அதனால் மூலப்பொருளுக்கு இங்கே காப்புரிமை இல்லை. அதன் மெசிலேட் உப்பின் பீட்டா படிகம்தான் 1998-ல் சென்னைக்கு வந்தது. உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தப்படி அத்தகைய விண்ணப்பங்களை வாங்கி வைத்துக்கொண்டு, 2005-ல் சட்டத்தைத் திருத்திய பிறகே இந்தியா பரிசீலனைக்கு எடுத்தது.

அந்தத் திருத்தத்தோடு, எவையெல்லாம் கண்டுபிடிப்பு ஆகாது என்று பட்டியலிடும் 3-வது பிரிவின் (ஈ) உட்பிரிவும் மாற்றி எழுதப்பட்டது. ஆங்கிலத்தில் 3(டி) என்று புகழ்பெற்றது இதுதான். ஏற்கெனவே தெரிந்த ஒரு பொருளின் புதிய வடிவம், அதன் பலனைக் கணிசமாகக் கூட்டவில்லை என்றால் அது கண்டுபிடிப்பே அல்ல. உப்பு, படிக வடிவம், துகளின் அளவு, தூய வடிவம் எல்லாம் பழைய பொருளாகவே கருதப்படும். ஒரு மருந்தின் 20 ஆண்டு முடியும் நேரத்தில் அதன் வேறொரு வடிவத்துக்குப் புதிதாக 20 ஆண்டு வாங்கி விலையைக் குறையவிடாமல் வைப்பதைத் தடுப்பதே இதன் நோக்கம்.

க்ளிவெக் விண்ணப்பத்தைப் புற்றுநோயாளிகளுக்கான ஓர் உதவி அமைப்பும், இந்திய மருந்து நிறுவனங்கள் சிலவும் எதிர்த்தன. காரணம் விலை. க்ளிவெக் மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய். இந்திய நிறுவனங்களின் மருந்து 8,000 முதல் 10,000 ரூபாய். தாங்கள் பல நோயாளிகளுக்கு இலவசமாகவே தருவதாக நோவார்ட்டிஸ் சொன்னது. சென்னை அலுவலகம் 2006 ஜனவரியில் விண்ணப்பத்தை நிராகரித்தது. சட்டப்பிரிவே செல்லாது என்று தொடுத்த வழக்கை 2007-ல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2009-ல் மேல்முறையீட்டு வாரியம் சொன்னதுதான் கவனிக்க வேண்டியது: படிகம் புதியதுதான், புத்தாக்கப் படியும் இருக்கிறது, ஆனாலும் 3(டி) தடுக்கிறது. முதல் இரண்டு கேள்விகளில் தேறினாலும் மூன்றாவதில் தோற்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

உச்ச நீதிமன்றத்தில் நோவார்ட்டிஸ் முன்வைத்த தரவுகள் நான்கு. பீட்டா படிகத் தூள் தாராளமாக வழிந்தோடும், மாத்திரையாக அழுத்த எளிது. வெப்பத்தில் நிலைத்திருக்கும். காற்றின் ஈரத்தை அதிகம் உறிஞ்சாது. நான்காவதாக, இமாட்டினிப்பின் மூலவடிவத்தோடு ஒப்பிட்டால் உடல் ஏற்றுக்கொள்ளும் அளவு 30 சதவீதம் கூடுதல்.

2013 ஏப்ரல் 1 அன்று நீதிபதிகள் அஃப்தாப் ஆலம், ரஞ்சனா பிரகாஷ் தேசாய் இந்த வாதங்களை ஏற்க மறுத்தனர். மருந்து விஷயத்தில் பலன் என்றால் நோயைக் குணப்படுத்தும் திறன். முதல் மூன்றும் மாத்திரை தயாரிப்பவருக்கும் சேமித்து வைப்பவருக்கும் உதவலாம். நோயாளியின் உடலில் மருந்து செய்யும் வேலை மாறவில்லை. 30 சதவீதக் கணக்கில் வேறொரு குறை. ஒப்பீடு மூலவடிவத்தோடு செய்யப்பட்டிருந்ததே தவிர, பழைய காப்புரிமையால் ஏற்கெனவே அறியப்பட்டிருந்த மெசிலேட் உப்போடு செய்யப்படவில்லை. உடல் கூடுதலாக ஏற்றுக்கொள்வதால் குணமும் கூடுகிறது என்று ஆய்வுத் தரவோடு நிரூபித்தால் வேறு விஷயம், இங்கே அப்படி எதுவும் இல்லை என்றது நீதிமன்றம்.

அந்த உப்பு முன்பே தெரிந்தது என்பதற்கு நிறுவனமே சாட்சியாகிவிட்டது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் க்ளிவெக்கைப் பதிவு செய்தபோது, 1996-ன் சிம்மர்மன் காப்புரிமை அந்த மருந்துக்குப் பொருந்தும் என்று அது எழுதிக் கொடுத்திருந்தது. பிரிட்டனில் ஓர் இந்திய நிறுவனத்துக்கு அனுப்பிய வக்கீல் நோட்டீசிலும் அதையே காட்டியிருந்தது. ஓரிடத்தில் 'எங்கள் பழைய உரிமைக்குள் இதுவும் அடக்கம்' என்று சொல்லிவிட்டு, இன்னோரிடத்தில் 'இது பழையதில் வெளிப்படவே இல்லை' என்று சொல்ல முடியாது என்பது தீர்ப்பின் வலுவான பகுதி. காப்புரிமை கேட்பவர்கள் படிக்க வேண்டியதும் இதைத்தான்.

3-வது பிரிவில் இன்னும் பல விலக்குகள் உண்டு. இயற்கை விதிக்கு முரணாக, ஆற்றலே இல்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும் இயந்திரம், இயற்கையில் இருக்கும் ஒன்றைக் கண்டறிதல், விவசாய முறை, நோயாளிக்குச் சிகிச்சை அளிக்கும் முறை, செடி, விலங்கு, கணக்கீட்டு முறை, வணிக முறை, தனித்த கணினி நிரல், விளையாட்டு விதி, பாரம்பரிய அறிவு ஆகியவை அதில் அடங்கும். இவற்றில் சில, அறிவியல் அடிப்படையில் எளிதில் புரிகின்றன. 3(டி) மட்டும் சமூகத்தின் தேவையைக் கருதி எழுதப்பட்ட விதி. பணக்கார நாடுகளின் மருந்து நிறுவனங்கள் அதை இன்றும் எதிர்க்கின்றன. கண்டுபிடிப்புக்கான ஊக்கம் குறையும் என்பது அவர்களின் வாதம். ஆனால், உண்மையிலேயே பலனைக் கூட்டும் மருந்துக்கு அது கதவை மூடவில்லை, நிரூபணம்தான் கேட்கிறது.

இந்தக் கதையில் சாதாரண மக்களுக்கும் ஓர் இடம் உண்டு. விண்ணப்பம் வெளியிடப்பட்ட பிறகு, காப்புரிமை வழங்கப்படும் முன், யார் வேண்டுமானாலும் அதை எதிர்த்து எழுத்து மூலம் மனு கொடுக்கலாம். 2024 விதித் திருத்தத்துக்குப் பின் இதற்குக் கட்டணமும் முதல்நிலைப் பரிசீலனையும் வந்துவிட்டன; ஆனாலும் வழி மூடப்படவில்லை. காசநோய் மருந்தான பெடாகுலினின் ஃபியூமரேட் உப்புக்கு ஜான்சன் அண்ட் ஜான்சன் காப்புரிமை கேட்டபோது, மும்பையின் நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் ஃபூமெசா டிசிலேவும் எதிர்த்தார்கள். இருவரும் காசநோயிலிருந்து மீண்டவர்கள். பழைய மருந்துகளின் பக்கவிளைவால் செவித்திறனை இழந்தவர்கள். அந்த உப்புக்குக் காப்புரிமை கிடைத்திருந்தால் 2027 வரை அந்த நிறுவனத்தின் தனியுரிமை நீண்டிருக்கும். 2023 மார்ச்சில் மும்பை காப்புரிமை அலுவலகம் அந்த விண்ணப்பத்தை நிராகரித்தது.